படையலில் வைத்த ஆயில்

அண்ணே, உன்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். வேறு பேர் வாயில் வராது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் அம்மா செய்து படையல் போட்டது. கோழிக் குழம்பு, முட்டை, சீவல் பாக்கு. மாமா தன் பங்குக்கு ஒரு லிட்டர் என்ஜின் ஆயில் டப்பா ஒன்றை வாங்கிவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "சாப்பாட்டை விட வண்டியத்தான பாத்துக்கிட்டான்" என்றார். எல்லாரும் அழுதுவிட்டோம்.

மறுநாள் காலை நான் அன்னவாசலில் கத்திரிக்காய் மூட்டை ஏற்றி விராலிமலைக்குப் போகவேண்டும். உன் லோடு வண்டிக்கு இனி நான்தான் டிரைவர். எனக்குத் துபாய்க்கு வந்திருந்த விசாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கிளம்புமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் பார்க்கும் குச்சியை உருவித் துணியில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தேன். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் சரியாக நடுவில் நின்றது. போதும். நம் வண்டிக்கு அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் ஒரு லிட்டர்தான் கொள்ளும். ஊற்றவே வேண்டியதில்லை, ஊற்றினாலும் அரை லிட்டருக்கு மேல் கூடாது. கை கழுவ அடி பம்புக்குப் போனேன். திரும்பி வரும்போது மாமா டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை உதறிக்கொண்டிருந்தார்.

"மாமா! முழுசையுமா ஊத்துனீங்க?"

"பின்ன? படைச்சத மிச்சம் வைப்பாகளா? பாதிதான் இருந்துச்சு மாப்ள, குச்சியப் பாத்தேன்."

"பாதிக்குப் பாதிதான மாமா ஊத்தணும். ஒரு லிட்டர் போயிருச்சே."

"கூடக் கெடந்தா என்ன, குடிச்சிட்டுப் போகட்டும்."

கொஞ்ச நேரம் விட்டுக் குச்சியைப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி நன்றாக ஏறியிருந்தது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சாவியத் திருப்பிராத தம்பி. உள்ள கிராங்குத் தண்டு சுத்தயில ஆயில அடிச்சு நொரையாக்கிரும். நொரையானா வழுவழுப்பு எங்கிட்டு இருக்கும்? சீல்ல ஒழுகும். காத்து இழுக்குற பக்கம் ஏறி எரிஞ்சுச்சுன்னா டீசல் வண்டி, சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காமக் கத்தும். கூடுனத எடுத்துட்டு ஓட்டு."

ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டார்கள். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பிள்ளைக்குப் படைச்சத மண்ணுல ஊத்தப் போறியா? எடுத்துப் பாரு, நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கத்திரிக்காய்க்காரர் வேறு விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுத்தால் மாமா போய்விடுவார். எடுக்காமல் ஓட்டினால் நீ பார்த்துப் பார்த்து வைத்திருந்த என்ஜின் போய்விடும், அதோடு எங்கள் சோறும். சாவி கையில் இருந்தது. அதைக் கிணற்றில் எறிந்துவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. உன் மேல் கோபம் வந்தது அண்ணே. ஒரு காமாலைக்கா இப்படிப் போவாய்?

அம்மா உள்ளே போய் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தது. "மண்ணுல எதுக்கு ஊத்தணும்? இதுல புடி."

"அக்கா..." என்று இழுத்தார் மாமா.

"நீ செத்த நேரம் சும்மா இருடா. படைச்சத அவன் வண்டிக்கே கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா ஆகாதா?"

மெடிக்கலில் பெரிய ஊசிக் குழலும் மெல்லிய டியூபும் வாங்கிவந்தேன். குச்சி போகும் ஓட்டை வழியாக டியூபை விட்டு உறிஞ்சி உறிஞ்சி எடுத்தேன். அம்மா பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. மாமா முதலில் திரும்பி நின்றார், பிறகு அவரே டியூபைப் பிடித்தார். நடுநடுவே குச்சியைத் துடைத்துப் பார்த்தோம். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் நிறுத்தினேன். ஸ்டார்ட் செய்தேன். புகை இல்லை. நீ ஓட்டும்போது கேட்கும் அதே சத்தம்.

பாட்டிலை நன்றாக மூடித் துடைத்து உன் போட்டோவுக்குக் கீழே வைத்தது அம்மா. "கொறையக் கொறைய ஊத்திக்க தம்பி. இது தீர்ற வரைக்கும் எங்கிட்டும் போவாத."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய? உன் வண்டி ஆயில் குடிக்காது. அவ்வளவு நல்லா வைத்திருந்தாய். தினமும் காலையில் குச்சியைத் துடைத்துப் பார்க்கிறேன், அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறது. குறையவே இல்லை. குறையாதது அம்மாவுக்கு சந்தோஷம். எனக்கு அந்தக் குச்சியை உருவும்போதெல்லாம் அந்த விசாதான் நினைவுக்கு வருகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்று விளக்கேற்றும்போது என் அண்ணனை ஒரு நிமிடம் நினைத்து, அவன் நல்லபடி இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.