சர்வர் விழுந்தால் மட்டும் 'ஆல்'

செங்கல்பட்டில் ஒரு மாடியறைதான் எங்கள் ஆபீஸ். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல்களில் ரூம் புக்கிங் செய்கிற, பில் போடுகிற கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. எல்லார் பையிலும் பட்டன் போன். ஆபீஸ் கம்ப்யூட்டரோடு ஒரு சிம்மை இணைத்து வைத்திருந்தோம். அந்த நம்பருக்கு ஒருவன் பெயரை முதலில் தட்டி மெசேஜ் அனுப்பினால் அவனுக்கு மட்டும் போகும். 'ஆல்' என்று ஆரம்பித்தால் எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தும். எங்காவது ஓட்டலின் தலைமைக் கம்ப்யூட்டரான சர்வர் படுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் ஓடட்டும் என்று செய்த ஏற்பாடு.

ஓடவேண்டிய செய்தி மாதத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். மற்றதெல்லாம் "ஆல், ஸ்க்ரூடிரைவர் யார்கிட்ட?" வகை. அதற்குப் பதிலும் 'ஆல்' போட்டே வரும்: "என்கிட்ட இல்ல." இல்லாதவர்கள் அத்தனை பேரும் இல்லை என்று எல்லாருக்கும் அறிவிப்பார்கள். அதுவும் சாப்பாட்டு நேரம் தாண்டி.

எனக்கு அப்போது இது உயிர்ப் பிரச்சினை. மனைவி நிறைமாதம், அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டில். நான் ஊரப்பாக்கத்தில் தனியாக. "வலி வந்தா தம்பி மெசேஜ் போடுவான். போன்ல பேசினா நீங்க கத்தி ஊரைக் கூட்டுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். என்னை நன்றாகவே அறிந்தவள்.

ஆகவே போன் 'டிங்' என்றால் நான் பேண்ட்டுக்குள் இருப்பேன். ஒரு நாள் படித்துப் பார்க்காமலே ஹெல்மெட் மாட்டி, வண்டியை உதைத்து, தெருமுனைவரை போய்விட்டுத்தான் பார்த்தேன். "ஆல், பிரிண்டர் ரிப்பன் எங்க வெச்சீங்க?" மேலே சட்டை, கீழே பேண்ட், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அதைவிடப் பயம் இன்னொன்று. அந்த போனில் கொஞ்சம் மெசேஜ்தான் அடங்கும். நிரம்பிவிட்டால் திரையின் மேலே கடித உறைப் படம் ஒன்று மினுக்கும், புதுசு உள்ளே வராது. என் பிள்ளை பிறக்கும் சேதி ரிப்பனுக்குப் பின்னால் வரிசையில் நிற்குமா?

மறுநாள் டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னேன். ரிப்பன்காரன் சிரித்தான்.

"இன்னா மச்சான், வலி அவங்களுக்கா உனக்கா?"

"எனக்குத்தான்டா. சின்ன சந்தேகத்துக்கு எல்லாரையும் எழுப்பாதீங்க."

"யாருக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவனையே கேட்டிருப்பேனே. தெரியாமத்தானே 'ஆல்' போடறேன்?"

நியாயமான கேள்வி. கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் சீனியர்தான் கிளாஸை வைத்துவிட்டுப் பேசினார்.

"வாரத்துக்கு ஒருத்தன் டூட்டி. தெரியலன்னா அவனை மட்டும் கேளு. அவனுக்கும் தெரியலன்னா காலையில பாக்கலாம், ரிப்பன் இல்லாம யாரும் சாவ மாட்டான். சர்வர் வுழுந்தா மட்டும் ஆல்."

"அப்ப மொத வாரம் டூட்டி யாரு அண்ணாத்த?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யோசனையைக் கிளப்பியவன் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் ஆபீஸ் சம்பிரதாயம். நான் அழுகிற நிலைக்குப் போனதைப் பார்த்து சீனியரே ஏற்றுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் போன் சத்தமே போடவில்லை. எவ்வளவு நிம்மதி! சோறு வடித்து இறக்கும்வரை நிம்மதி. பிறகு ஒரு சந்தேகம். ஏன் சத்தமே இல்லை? சிம் செத்துவிட்டதா? உறை மினுக்குகிறதா? மினுக்கவில்லை. மினுக்குவதே கெட்டுப்போயிருந்தால்? மொட்டை மாடிக்குப் போய் போனைத் தூக்கிப் பிடித்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. அதை நம்ப முடியவில்லை. கடைசியில் விரல் தானாகத் தட்டியது: "ஆல், என் மெசேஜ் வருதா?"

அது எனக்கே திரும்பி வந்து 'டிங்' என்றதும் அலறிக்கொண்டு படியில் இறங்கினேன்.

யாரும் பதில் போடவில்லை. இப்படி ஒழுங்காக இவர்கள் எந்த விதியையும் மதித்ததில்லை. சீனியர் மட்டும் போன் செய்தார்.

"ஏன்யா, நீ கேட்டு வெச்ச ரூலு. ஒரு நாள்கூட தாங்கலியா?"

"போன் வேலை செய்யுதான்னு பாத்தேன் அண்ணாத்த."

"செய்யுது. பேஜாரு பண்ணாம வெச்சுட்டுப் படு."

வைத்தேன். மறுபடி 'டிங்'. ரிப்பன்காரன்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தால் மச்சினன். "ஆஸ்பத்திரி வந்துட்டோம். மெதுவா வாங்க."

மெதுவாகத்தான் போனேன். வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி உறை மினுக்குகிறதா என்று பார்த்தேன். விடிவதற்குள் பெண் குழந்தை. எங்கள் இருவரில் அவள்தான் குறைவாக அழுதாள்.

சந்தோஷத்தில் 'ஆல்' என்று தட்டினேன். கை நின்றது. சர்வர் எதுவும் விழவில்லையே. அழித்துவிட்டு, டூட்டி ஆள் என்ற முறையில் சீனியருக்கு மட்டும் அனுப்பினேன்.

சீனியரின் ஒரு வரிப் பதிலைத் தவிர அன்று முழுக்க ஒருவன் வாழ்த்தவில்லை. எனக்கு வருத்தம்தான். மறுநாள் மிட்டாய் டப்பாவோடு ஆபீஸ் போனால் ரிப்பன்காரன் வாயைப் பிளந்தான்.

"இன்னாது, கொயந்த பொறந்துச்சா? சொல்லவே இல்ல?"

நான் சீனியரைப் பார்த்தேன். அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நேத்து காலையிலயே மெசேஜ் வந்துச்சு. எனக்கு மட்டுந்தான போட்டான்? நான் 'நல்லாருக்கட்டும்'னு பதில் போட்டுட்டேன். உங்களை எல்லாம் எதுக்கு எழுப்பணும்?"