களையெடுத்த வாக்கியம்

பதிப்பகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்கு அது தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறவர். எந்த வினைச்சொல்லைக் காட்டினாலும் "முடிஞ்சுதா, முடியலையா?" என்று கேட்ட பிறகுதான் அதைத் தொடுவார். வீட்டில் மனைவி "சாப்பிடறேன்னு சொன்னீங்களே" என்றால்கூட, "சாப்பிடறேன்னுதான் சொன்னேன், சாப்பிட்டுட்டேன்னு சொல்லல" என்று பதில் வரும். அந்த அம்மாள் எப்படி இத்தனை காலம் குடித்தனம் நடத்தினார் என்பது தனிக் கதை.

அவர் பிடிவாதத்தில் நியாயம் உண்டு. ரஷ்ய மொழியில் பெரும்பாலான வினைகளுக்கு இரண்டு உருவங்கள். ஒன்று, செயல் முடிந்து பலன் கைக்கு வந்ததைச் சொல்லும். மற்றது, நடந்துகொண்டிருந்ததை, வழக்கமாக நடந்ததை, சில வினைகளில் வெறும் முயற்சியைச் சொல்லும். பலித்ததா என்பதில் வாயே திறக்காது. முதல் வகை வரிசையாக வந்தால் கதை நகரும்: வந்தான், உட்கார்ந்தான், விளக்கை ஏற்றினான். ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலம் போதும். இரண்டாம் வகையில்தான் வேலை. சில இடத்தில் 'வாஸ்' போட்டு 'இங்' சேர்க்க வேண்டும், சில இடத்தில் 'யூஸ்டு டு', சில இடத்தில் 'ட்ரைடு டு'. "மூன்று வருஷம் அங்கே வேலை செய்தாள்" மாதிரி இடத்தில் இதில் ஒன்றுமே வேண்டாம், சாதாரண இறந்தகாலமே சரி. எது எங்கே என்பதற்குச் சட்டம் கிடையாது, காதும் புத்தியும்தான். இதைப் பற்றி அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார். அவருடைய செல்ல உதாரணம் 'சம்மதிக்க வை' என்ற வினை. ரஷ்யனில் 'உகவரீலா' என்றால் அவள் சம்மதிக்க வைத்துவிட்டாள். 'உகவாரிவலா' என்றால் சம்மதிக்க வைக்கப் பார்த்தாள், அவ்வளவே. கூட்டம் சிரிக்கும் இடம் அது.

அவருக்கு ஒரு வேலைமுறை இருந்தது. முதல் பிரதியில் இரண்டாம் வகை வினை வரும் இடமெல்லாம் யோசிக்காமல் 'வாஸ்', 'இங்' போட்டு அடித்துக்கொண்டே போவார். கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து களையெடுப்பார். 'இங்' அதிகமானால் ஆங்கிலம் நொண்டும், அதனால் பாதியைப் பிடுங்கிச் சாதாரண இறந்தகாலமாக்குவார். களையெடுக்கும்போது ரஷ்ய மூலத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஆங்கிலம் கெட்டுப்போகுமாம்.

இந்த முறையில்தான் ஒரு கிழவியின் வாழ்க்கைக் கதையையும் முடித்தார். கப்பல் இயந்திரப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்த ரஷ்யப் பெண். அவளுடைய அண்ணன் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே இருந்தவன். பிறகு வடக்கே ஒரு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போனான், திரும்பவில்லை. அவனுடைய மகள் இதே ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ரஷ்ய மொழி தெரியாது. அத்தையின் புத்தகம் ஆங்கிலத்தில் வருவதே பாதி அவளுக்காகத்தான். பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லி அச்சுக்கு முந்தைய படியைப் பதிப்பாசிரியர் அவளிடம் கொடுத்திருந்தார்.

அவள் படியோடு பதிப்பகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"பேரெல்லாம் சரியா இருக்கு மேடம். வெளியீட்டு விழாவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. அத்தை வந்தா என் வீட்டுல தங்க வெக்கவும் முடியாது."

"ஏம்மா, என்னாச்சு?" என்றார் பதிப்பாசிரியர்.

"எங்கப்பாவ அனுப்பினதே அவங்கதான்னு அவங்களே எழுதியிருக்காங்களே. இத்தனை வருஷம் போன்ல கண்ணு கண்ணுன்னு கொஞ்சினாங்க. இத ஒரு தடவ சொல்லியிருக்கலாம்."

அவள் படியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து மேசையில் முற்றுப்புள்ளி பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். மடித்து வைத்த பக்கத்தில் இருந்தது வாக்கியம்: அந்தக் கோடையில் நான் அண்ணனை வடக்கே போகச் சம்மதிக்க வைத்தேன், இலையுதிர் காலத்தில் அவன் புறப்பட்டான். ஆங்கிலம் எண்ணெய் போட்ட கதவு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மூலத்தை எடுத்தார். எடுக்கும் முன்பே தெரியும், அங்கே இருப்பது முயற்சியை மட்டும் சொல்லும் உருவம். உகவாரிவலா.

செல்ல உதாரணம். கூட்டம் சிரிக்கும் இடம். 'வாஸ் பர்ஸ்வேடிங்' என்று முதலில் அடித்திருந்ததே நொண்டி. அதையும் பிடுங்கி 'பர்ஸ்வேடட்' ஆக்கியிருந்தார்.

பதிப்பாசிரியரிடம் சொன்னார். காது மடல் எரிந்தது.

"இன்னும் அச்சாகல சார். ஒரு வார்த்தை மாத்தினா போச்சு, யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பொண்ணு படிச்சுட்டாளே."

"அப்ப மொழி வழக்குல ரெண்டு விதமாவும் வரும்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

அதுதான் அவரை அதிகம் சுட்டது. நம்புவார்கள்தான். தெருவில் நடக்கும்போது அந்தப் பொய்யை ஒருமுறை வாய்க்குள் சொல்லியும் பார்த்தார், நன்றாகவே வந்தது. கண்ணாடிக் கடை வாசலில் ஒரு நாழிகை நின்றார். வாடிக்கையாளர் என்று நினைத்து அவளே கதவைத் திறந்தாள்.

"சொல்லுங்க சார்."

"அத்தை அப்படி எழுதலம்மா. நான்தான் அப்படிப் போட்டுட்டேன்."

"புரியல."

"அவங்க எழுதினது, போகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்னு. நான் சம்மதிக்க வெச்சேன்னு எழுதிட்டேன். ரஷ்யன்ல ரெண்டும் வேற வேற சொல்லு. எனக்குத் தெரியாம இல்ல. வாக்கியம் அழகா இருக்கணும்னு இழைச்சு இழைச்சு, பார்க்காம விட்டேன்."

அவள் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப போகச் சொன்னாங்களா, இல்லையா?"

இதற்கு அவர் தயாராக வரவில்லை. அத்தைக்கு மன்னிப்பு வாங்கித் தருவதாக நினைத்து வந்திருந்தார்.

"சொன்னாங்க. அது உண்மைதான். அவர் ஒத்துக்கிட்டாருன்னு மட்டும் அந்த வாக்கியத்துல இல்ல. அதுக்கடுத்து அவர் போனாருன்னு இருக்கு. ஏன் போனாருன்னு இல்ல."

"ஏன் சார் இல்ல?"

"அது அவங்களத்தான் கேக்கணும்."

அவள் போனை எடுத்து எண்ணைத் தட்டி அவரிடம் நீட்டினாள். "நீங்களே கேளுங்க. செஞ்சவரு நீங்க. எனக்கும் அவங்களுக்கும் பாதி பேச்சு அரைகுறை இங்கிலீஷ், மீதி அழுகை."

அத்தை உடனே எடுத்தாள். அண்ணன் மகள் எடுக்காத போனுக்குப் பல நாளாக அடித்துக்கொண்டிருந்தவள், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லான கண்ணு என்று ஆரம்பித்து, ஆண்குரல் கேட்டதும் நிறுத்தினாள். அவர் ரஷ்ய மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். தன் தொழிலின் முதல் பாடத்தில் தவறியதை அந்தத் தொழிலின் மொழியிலேயே சொல்வது மேடையில் வேட்டி அவிழ்வது போல இருந்தது.  மறுமுனையில் கிழவி மூக்கைச் சிந்தும் சத்தம். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

"நான் பேசக் கத்துக்கிட்டதுலேருந்து அவன் நான் சொன்னத ஒண்ணுகூடக் கேட்டதில்ல" என்றாள். "அந்தக் கோடை முழுக்கப் போ போன்னேன். அசையல. அப்புறம் அங்க உங்க ஊர்ல ஒரு மேஸ்திரியோட சண்டை போட்டுட்டு, கோவத்துல அவனா போனான். நீங்க இங்கிலீஷ்லயாவது ஒரு தடவ அவன என் பேச்சக் கேக்க வெச்சிட்டீங்க."

அவர் அதை அந்தப் பெண்ணிடம் சொன்னார், வார்த்தை மாறாமல், இழைக்காமல். மேஸ்திரி வரைக்கும் சொன்னார். அவள் துணியை மடித்து வைத்துவிட்டுப் போனை வாங்க வந்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கை நீண்டது.

"ஒரு நிமிஷம்" என்றாள் அத்தை மறுமுனையிலிருந்து. "மத்த இடமெல்லாம் பார்த்துட்டீங்களா?"

எத்தனை களையைப் பிடுங்கினார், அதில் எத்தனை பயிர் என்று அவருக்குத் தெரியாது.

"பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

ரஷ்ய மொழியில் அதற்குச் சரியான உருவம் உண்டு, அவர் தப்பாமல் அதையே போட்டார். இலக்கணம் சரி. பொய். இன்னும் முதல் பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை. போனை அவளிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் அரைகுறை ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதைக் கேட்காமல், தெருவைக் குறுக்கே கடந்து பதிப்பகத்துக்கு நடந்தார். கொஞ்சம் வேகமாகவே நடந்தார். சொன்னது உண்மையாவதற்கு முன் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.