ஜபீன் டீச்சரின் சட்டை அட்டைகள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் அப்துல் வஹாபின் ஜவுளிக்கடைக்கு வந்து சட்டை வாங்கியவர்கள் 2008-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். மடித்த சட்டைக்குள் இருந்து அதை விறைப்பாக நிற்க வைக்கும் அட்டை காணாமல் போயிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கியவர்களுக்குச் சட்டையை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “எம் பொண்ணு ஸ்கூலுக்கு எடுத்துகினு போயிட்டா” என்பார். எதற்கு என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அந்தப் பெண்தான் ஜபீன். இருபத்து நான்கு வயது. பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றரை வருடம் படித்தவள். அங்கே ஒரு மெஷினுக்கு மூன்று பேர். முதல் ஆள் தட்டுவார், இரண்டாம் ஆள் சொல்லுவார், மூன்றாம் ஆள் வேடிக்கை பார்ப்பார். ஜபீன் பெரும்பாலும் மூன்றாம் ஆள். வேடிக்கை பார்த்தே படித்ததாலோ என்னவோ, மெஷின் தன் முன்னால் இல்லாவிட்டாலும் அது அடுத்து என்ன செய்யும் என்று யோசிக்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பிற்பாடு அவளைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான்.

சிப்காட்டுக்குப் பின்னால், புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் இருந்த நடுநிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் அவளைக் கம்ப்யூட்டர் டீச்சராகப் போட்டது. ஏதோ ஒரு கம்பெனி ஐந்து கம்ப்யூட்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. அதை நம்பி ஓர் அறைக்குக் கம்பிக் கதவு போட்டார்கள், ப்ளக் பாயிண்ட் வைத்தார்கள், மேசைகூடச் செய்தார்கள். கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. ஜூன் போய், தீபாவளி போய், பொங்கலும் போயிற்று. பிள்ளைகள் அந்தக் கம்பிக் கதவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “மிஸ், அது எப்போ வரும்?” என்று கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்க ஜபீனுக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் கடையில் சட்டைகளை அடுக்கும்போது அந்த வெள்ளை அட்டை கண்ணில் பட்டது. நான்காக வெட்டினாள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதினாள்: ‘ஒரு கட்டம் முன்னே போ.’ ‘நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பு.’ ‘நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திரும்பு.’ ‘எடு.’ இவ்வளவுதான் அவளுடைய கம்ப்யூட்டர்.

ஏழாம் வகுப்புத் தரையில் சாக்பீஸால் நீளம் ஐந்து, அகலம் ஐந்தாகக் கட்டம் போட்டாள். ஒரு மூலையில் ஒரு பிள்ளை ‘மெஷின்’ ஆகக் கரும்பலகையைப் பார்த்து நிற்க வேண்டும். வேறொரு கட்டத்தில் தண்ணீர்ச் சொம்பு. நடுவே சுவர் என்று வைத்துக்கொள்ளச் சில கட்டங்களில் பாடப் புத்தகம். மற்றவர்கள் அட்டைகளை வரிசையாக அடுக்கி மெஷினைச் சொம்பிடம் சேர்க்க வேண்டும். ஒருவன் ஒவ்வோர் அட்டையாகப் படிப்பான். அட்டையில் இருப்பதை மெஷின் அப்படியே செய்யும். தானாக எதையும் செய்யாது. இதுதான் சட்டம்.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. பெரியவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. கழகக் கூட்டத்தில் ஒருவர், “கம்ப்யூட்டரே இல்ல, கம்ப்யூட்டர் டீச்சர் எதுக்கு? பாண்டி ஆட்டம் ஆடறதுக்கா?” என்று கேட்டார். தலைமையாசிரியர் ஆதிநாராயணன் நல்லவர்; ஆனால் கூட்டத்தில் வாயைத் திறக்காத நல்லவர். கடைசியில் கழகத் தலைவர் கோபால் நேரில் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பது, பார்த்துவிட்டு அடுத்த ஜூனுக்கு இந்த டீச்சர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது என முடிவாயிற்று. கோபால் சிப்காட்டில் பிளாஸ்டிக் பக்கெட் அச்சு வார்க்கும் மெஷினை ஓட்டுபவர். அவருடைய மகள் பூமிகா அதே ஏழாம் வகுப்பில்தான் இருந்தாள்.

வீட்டில் அம்மா ஹாஜிரா, “வேலை போனா போவட்டும்டி, ஊட்லயே இரு” என்று ஆறுதலாகச் சொன்னாள். அந்த ஆறுதலைத்தான் ஜபீனால் தாங்க முடியவில்லை. அவளுக்கு அந்த வகுப்பு வேண்டும். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். பூமிகா மெஷின். வழியை மூன்று துண்டாகப் பிரித்து மூன்று குழுவுக்குக் கொடுத்திருந்தாள் ஜபீன். முதல் துண்டு முஜீபின் குழுவுடையது. அன்புராஜ் அட்டைகளைப் படிக்கப் படிக்க, பூமிகா நடந்து, திரும்பி, சொம்பை அழகாக எடுத்துவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஜபீனும் தட்டினாள். நாளைக்கு ஜெயித்துவிடலாம் என்று அவளுக்கு நெஞ்சு லேசாகிப் போனது.

வெள்ளிக்கிழமை கோபால் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்ம் சட்டையோடே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைமையாசிரியரும் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னா டீச்சர், கரெண்டே இல்லாம ஓடற கம்ப்யூட்டராமே உங்களுது?”

“ஆமா சார். பாருங்க” என்றாள் ஜபீன். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அன்புராஜ் படித்தான். “ஒரு கட்டம் முன்னே போ.” பூமிகா போனாள். “ஒரு கட்டம் முன்னே போ.” போனாள். “ஒரு கட்டம் முன்னே போ.” “வலப்பக்கம் திரும்பு.” திரும்பினாள். அதற்குமேல் எல்லாம் ஒத்திகைபோலவே நடந்தது. சொம்பு கையில். கைதட்டல். ஆதிநாராயணன்கூடத் தட்டினார்.

கோபால் தட்டவில்லை.

“இருங்க, இருங்க. மூணு தபா முன்னே போன்னு படிச்சான். பூமிகா ரெண்டு தபாதான் போச்சு. மூணாவதுக்கு நின்னுகினே இருந்துச்சு. ஏம்மா?”

மெஷின் ஓட்டுபவரின் கண் அது. நாள் முழுக்க ஒரே வேலையை ஒரு மெஷின் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறவருக்கு, ஒரு தடவை பிசகினால் தெரிந்துவிடும்.

பூமிகா தலையைக் குனிந்தாள். “முன்னாடி புக்கு இருக்குது நைனா. மிதிச்சா பாவம்.”

வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கால் தவறிப் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிள்ளைகளை, புத்தகத்தின் மேல் நடக்கச் சொன்னால் எந்தக் கால் எழும்பும்? ஜபீனுடைய காலும் எழும்பாது. எழுத்து இருக்கிற காகிதத்தை மிதிக்கக்கூடாது என்று அவளுக்கும் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால்தான் நேற்று அவளும் அதைக் காணவில்லை. மூன்றாவது அட்டை தப்பு. தப்பைப் பூமிகாவின் மரியாதை மூடி மறைத்துவிட்டது.

முகம் ஜிவ்வென்று சூடாகியது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார் சொல்றது சரி” என்றாள். “நேத்தும் இப்படித்தான் நடந்திருக்கு. நானும் பார்க்கல. தப்பு எங்க இருக்குன்னு இப்பவே பார்ப்போம். புக்கையெல்லாம் எடுங்கடா.”

புத்தகங்கள் இருந்த கட்டங்களில் பழைய கோணிப்பைத் துண்டுகளை நனைத்துப் போட்டாள். கோணியை மிதித்தால் கால் ஈரமாகும், பாவம் வராது.

“பூமிகா, இப்ப நீ நெஜமாவே மெஷின். எது வந்தாலும் அட்டை சொல்றத மட்டும்தான் செய்யணும். புரியுதா?”

அன்புராஜ் முதலிலிருந்து படித்தான். மூன்றாவது ‘முன்னே போ’வுக்குப் பூமிகா சொத்தென்று ஈரக் கோணியின்மேல் ஏறினாள். பிள்ளைகள் “ஐயோ, சுவர்ல முட்டிகிச்சு!” என்றார்கள். வலப்பக்கம் திரும்பினாள். ஒரு கட்டம் போனாள். அடுத்த கட்டத்தில்தான் சொம்பு. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கால் வைத்தாள். சொம்பு உருண்டு, தண்ணீர் கட்டத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு ஓடியது. “இடப்பக்கம் திரும்பு.” திரும்பினாள். “முன்னே போ.” போனாள். “எடு.” பூமிகா குனிந்து, வெறும் தரையிலிருந்து இல்லாத சொம்பைப் பவ்வியமாக எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

ஆதிநாராயணன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. இந்தத் தடவை கோபாலும் சிரித்துவிட்டார்.

முஜீப் மட்டும் சிரிக்கவில்லை. தன் குழுவின் அட்டைகளுக்கு முன்னால் முட்டிபோட்டு, விரலால் கட்டங்களை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினான். சட்டென்று எழுந்தான்.

“மிஸ், நாந்தான் மிஸ். மெஷின் நிக்கிற கட்டத்தையும் சேத்து எண்ணிட்டேன். அது ஏற்கெனவே அங்கதான நிக்குது? அங்க போவறதுக்கு எதுக்கு அட்டை?”

ஓர் அட்டையை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். கட்டத்தைத் துடைத்துத் திரும்பப் போட்டார்கள். பூமிகா இரண்டு கட்டம் போய், கோணிக்கு முன்னாலேயே திரும்பி, நேராகச் சொம்பிடம் போய் எடுத்தாள். இப்போது தட்டிய கைதட்டல் வேறு மாதிரி இருந்தது. அது கேட்டபோதுதான் ஜபீனுக்கு மூச்சு வந்தது.

பூமிகா சொம்போடு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். “மிஸ், அப்ப நேத்தும் இன்னிக்கும் நான் நின்னது தப்பா?”

“தப்பில்லடா. எதிர்ல எதனா இருந்தா நிக்கணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. மெஷினுக்குத் தெரியாது. அதையும் நாமதான் அட்டையில எழுதிக் குடுக்கணும்.” சொல்லும்போதே ஜபீனுக்கு அடுத்த பாடம் கிடைத்துவிட்டது. ஒரு வெற்று அட்டையை எடுத்து எழுதினாள்: ‘எதிர்க் கட்டத்தில் ஏதாவது இருந்தால் நில். இல்லாவிட்டால் முன்னே போ.’

கோபால் கிட்டே வந்து அந்த அட்டையை வாங்கினார். வலது கையில் வாங்கவில்லை, இடது கையில் வாங்கினார். அந்தக் கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பாதிக்குமேல் இல்லை. அவ்வளவு நேரம் கைகளைக் கட்டிக்கொண்டிருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

அட்டையை இரண்டு முறை படித்தார்.

“எங்க பழைய மிஷினுக்கு இந்த அட்டை இல்ல டீச்சர்” என்றார். “மூடுன்னா மூடும். உள்ள பக்கெட் இருக்குதா, ஆள் கை இருக்குதான்னு பாக்காது. புது மிஷினு அப்படி இல்ல. கை போனா நிக்குது. எவனோ ஒருத்தன் இத எழுதி வெச்சிருக்கான் அதுல. இன்னா மாயமோன்னு நெனச்சினு இருந்தேன் இத்தினி நாளா.”

பூமிகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோபால் தலைமையாசிரியரிடம் திரும்பினார். “சார், கம்ப்யூட்டர் வருது, வரல, அது வேற கதை. ஜூன்லருந்து டீச்சருக்கு வாரத்துல ரெண்டு பீரியடு போடுங்க. கமிட்டில நான் பேசிக்கிறேன்.”

“நானும் பேசறேன்” என்றார் ஆதிநாராயணன். அவர் அப்படிச் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை.

கோபால் வாசலில் செருப்பை மாட்டியபிறகு திரும்பி வந்தார். அந்த அட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“இது எனக்கு வேணும் டீச்சர். புதுசா வேலைக்கு வர்ற பசங்க கிட்ட காட்டணும். நீங்க வேற ஒண்ணு எழுதிக்குங்க.”

அன்று சாயங்காலம் ஜபீன் நேராகக் கடைக்குப் போனாள். அப்துல் வஹாப் அவள் முகத்தைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு புதுச் சட்டையை இறக்கி, பிரித்து, அட்டையை உருவி அவள் பக்கம் நீட்டினார்.

“ஒண்ணு போதாது அத்தா” என்றாள் ஜபீன்.