கடைக் கதவில் ஒட்டிய வேலை விளம்பரம்

ஹட்டனில் நான் நாலு வருஷமாக டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த போன் கடையின் கதவில் முதலாளி ஒரு விளம்பரம் ஒட்டினார்: "போர்டு வேலை தெரிந்த டெக்னீஷியன் தேவை. செய்து காட்ட வேண்டும். சம்பளம் எழுபதாயிரம்." போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையைப் பழுதுபார்க்கும் அந்த வேலை எனக்குச் சரியாக வராது; சம்பளமும் ஐம்பதாயிரம்தான்.

லிந்துலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் மூன்று நாள் மல்லாடிக் கைவிட்ட, உயிரில்லாத போனை முதலாளி அவளிடம் கொடுத்தார். அவள் கை நடுங்காதா என்று காத்து நின்றேன். மீட்டர் வைத்து, போர்டில் ஷார்ட் சர்க்யூட் ஆன இடத்தைப் பிடித்தாள். சூடான காற்றடித்துக் அங்கே கெட்டுப்போயிருந்த கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றைக் கழற்றினாள். போனுக்கு உயிர் வந்து திரை ஒளிர்ந்தது.

"அது இல்லாம எத்தன நாளைக்கு ஓடும்?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"ஓடும்ங்க. ஆனா புதுசு போட்டுத்தான் குடுக்கணும்" என்றாள்.

வேலை அவளுக்கே கிடைத்தது. இன்றைக்கும் அவள் லீவு போடும் நாளில் எனக்கு மனசு லேசாக இருக்கிறது.