உன் சர்க்கரை அளவு என் போனில்

அம்மா,

இங்கே ஸ்டுட்கார்ட்டில் டிராமுக்கு நிற்கிறவர்கள் போனில் மழை வருமா என்று பார்க்கிறார்கள். நான் உன் சர்க்கரை அளவைப் பார்க்கிறேன். உன் கையில் ஒட்டிய சென்சார் உன் போனுக்கு அனுப்புவதை, முடிச்சூரிலிருந்து இங்கே என் போன் அப்படியே காட்டுகிறது.

அதை வற்புறுத்தி ஒட்டவைத்தவன் நான்தான். தாம்பரம் மார்க்கெட்டில் உனக்கு ஒருநாள் சர்க்கரை இறங்கிய கதையை நீ பல நாள் கழித்துத்தான் சொன்னாய். கை நடுங்கியதும் பழக்கடைக்காரரிடம் ஸ்டூல் வாங்கி உட்கார்ந்து, பையிலிருந்த குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறாய். "சொன்னா நீ என்ன பண்ணப் போறே, அங்கேர்ந்து?" என்றாய். அந்தக் கேள்வி எனக்குள் நெடுநாள் கிடந்தது.

போன வாரம் ஆபீஸில் என் போன் அலறியது. ஐம்பத்திரண்டு. அங்கே உன் மதியத் தூக்க நேரம். கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. பக்கத்து மேஜை மார்க்குஸ் என்ன என்று கேட்டான். "அம்மாவுக்கு சர்க்கரை குறைந்துவிட்டது" என்றேன். "நல்ல செய்திதானே!" என்று தோளைத் தட்டினான். ரொம்ப இறங்கினால் நினைவே தப்பிவிடும் என்று அவனுக்கு விளக்க நேரமில்லை.

சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு விஜயா அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நினைவில்லன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." போனைக் காதில் வைத்தபடியே அவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போய் உன்னை உலுக்கினார். பிறகு உன் குரல்.

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

அக்கா சர்க்கரைத் தண்ணீரை நீட்டியிருக்கிறார். நீ வாங்கவில்லை. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, விரலில் குத்தினாய். நூற்றுப் பன்னிரண்டு.

"இந்தக் கை மேலேயே ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்டா. சென்சார் அழுந்தினா கம்மியாத்தான் காட்டும். முன்னாடியே ஒருவாட்டி ஆச்சு, டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். போன் ஹால்ல சார்ஜ்ல இருந்துச்சு, அது என் தப்பு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் எண் தானாக ஏறியது. ரெஸ்ட்ரூமுக்குள் போய் அழுதேன். பயத்தால் அல்ல. தனியாக இருந்துகொண்டு உன் உடம்பை இவ்வளவு தெளிவாகப் படித்து வைத்திருக்கிறாயே என்றுதான்.

அடுத்த சென்சாரை இடது கையில் ஒட்டிக்கொண்டாய். போன் தலைமாட்டுக்கு வந்தது. அதோடு விடவில்லை. "உங்கப்பாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் இருக்கு. நீ கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணே?"

நேற்று போனேன். நர்ஸ் ரத்தம் எடுத்தபடி, ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். யோசிக்காமல் உன் எண்ணைச் சொன்னேன். தொண்ணூற்றொன்றில் தொடங்கும் அதை எழுதிக்கொண்டு, "இவர் பக்கத்தில்தான் இருக்கிறாரா?" என்றார்.

ஆமாம் என்றேன், அம்மா.