ஒன்பது ஸ்லைடும் ஒரு சேலையும்

பினாங்கின் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு இன்ஸ்டாகிராம் பதிவுகள் எழுதுவது என் வேலை. அதற்கு முன் பல வருடங்கள் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். பட்டுச்சேலையைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு கேரசல் தயாரிக்கச் சொன்னார்கள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசை அது. நான் ஒன்பது ஸ்லைடு எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒரு முழுப் பத்தி. சிலவற்றில் இரண்டு. எழுத்து கொள்ளாததால் அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது.

கடையின் மேலாளர் அக்கா கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"தம்பி, இது இன்சூரன்ஸ் ஃபாரமா?"

"பட்டைப் பத்தி கொஞ்சம் விளக்கியிருக்கேன் அக்கா."

"சரி. ஒவ்வொன்னா வா. இதப் படிச்சிட்டு சேலக்காரி வீட்ல என்ன செய்யணும்?"

முதல் ஸ்லைடைப் படித்தவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று தெரிந்தது. பட்டுப்புழுவின் வரலாறு போயிற்று. "பட்டுச்சேலை நீடிக்க ஐந்து பழக்கங்கள்" என்ற தலைப்பு மட்டும் நின்றது. நான்காவதில் சூரிய ஒளி சாயத்தை வெளுக்கச் செய்வதைப் பற்றி ஏழு வாக்கியம் இருந்தது. "வெயில் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள்" என்றானது. காரணங்களை எல்லாம் பதிவுக்குக் கீழே வரும் குறிப்புக்கு நகர்த்தினேன். அங்கே, விரும்பினவர் திறந்து படிப்பார்.

இரண்டு பத்தியை வெட்டிய பிறகு எனக்கு வெட்டுவதில் ருசி வந்துவிட்டது. மீதியை நானே முடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெருமையாகக் காட்டினேன். ஒரு ஸ்லைடில் "பூச்சி உருண்டை போடுங்கள்" என்று மூன்றே சொல்.

அக்கா அதில் நின்றார்.

"எங்க போடுறது?"

"அலமாரியில."

"அப்படிப் போடல லா. இப்படி எழுதினா மடிப்புக்குள்ளதான் போடுவாங்க. சரிகை கறுத்துப் போச்சுன்னு சேலயத் தூக்கிட்டு நம்மகிட்டதான் வருவாங்க."

பழைய பத்தியைத் திறந்து பார்த்தேன். உருண்டையைத் துணியில் முடிந்து வைக்க வேண்டும், சரிகையில் படக்கூடாது என்று அதில் இருந்தது. சாய்வெழுத்தில் போட்ட பதினோராவது வரியில். பதிவேற்றிய பின் படத்தில் உள்ள எழுத்தைத் திருத்த முடியாது. கீழே உள்ள குறிப்பைத்தான் திருத்தலாம். "பூச்சி உருண்டையைத் துணியில் முடிந்து வையுங்கள். சரிகையில் படக்கூடாது" என்று மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கினேன்.

கடைசியில் ஆறு ஸ்லைடு. மறுநாள் காலை போட்டோம்.

அந்த வாரமே ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அம்மா கைப்பேசியும் கையுமாகக் கடைக்கு வந்தார். நிழலில் உலர்த்துவது பருத்திச் சேலைக்கும் பொருந்துமா என்று கேட்டார். அக்கா பதில் சொல்லத் தொடங்கினார். பருத்தி, சாயம், கஞ்சி, பினாங்கு மழை, தன் சொந்த பால்கனி. கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அது எத்தனை ஸ்லைடு வரும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.