மடிப்பும் மஞ்சள் கயிறும்

சாத்தூரில் சொந்தமாக ஸ்டுடியோ போடுவதற்கு முன்னால் பத்து வருஷம் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தேன். வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் போடுவதுதான் வேலை. லேபிளில் மயிரிழைக் கோடு தெரிந்தாலும் கம்பெனிக்காரர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கோடு என்று எதைக் கண்டாலும் என் கை தானாகவே அதை அழிக்கப் போய்விடும். அந்த வேலைச் சுத்தத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒரு மார்கழிக் கடைசியில், அச்சங்குளம் பக்கத்து வெடி ஆலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். வேலை விட்டு நேராக வந்திருக்கிறாள், நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் போகவில்லை. பாலித்தீன் உறையிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தாள். வெளுத்துச் சிவந்து போயிருந்தது. இடது மேல் மூலை கிழிந்து காணாமல் போயிருந்தது. கோணலாக மடித்த மடிப்பு ஒன்று படத்தைக் குறுக்கே வெட்டியிருந்தது.

“எங்க அம்மாதான்க்கா. இது ஒண்ணுதான் இருக்கு. நான் எட்டாப்பு படிக்கையில காமாலைல போயிருச்சு. தம்பிக்கு அப்ப மூணு வயசு, அவனுக்கு அம்மா மொகமே நெனவில்ல. தையில அவனுக்குக் கல்யாணம்” என்றாள்.

அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சுமங்கலியாக இறந்துபோன பெண்களுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவது வழக்கம். இதுவரை செம்பு வைத்துத்தான் கும்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை.

“வெள்ளிக்கெழமைக்குள்ள ஆயிருமாக்கா?”

“புதன்கிழமை வாங்க. மடிப்பு இருந்த இடமே தெரியாது” என்றேன். வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஸ்கேனரில் வைத்தேன். மடிப்பு மேடு தட்டியிருந்ததால் ஒரு பக்கம் பளீரென்று வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழுந்தன. போட்டோவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து மறுபடி எடுத்ததும் நிழல் குறைந்தது. அந்த ஸ்கேனை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, நகலில்தான் வேலையைத் தொடங்கினேன். மூலத்தில் கை வைக்காதே என்பது அச்சகம் கற்றுக்கொடுத்த ஒரே நல்ல பழக்கம்.

முதலில் மூலை. இருக்கன்குடிக் கோயில் கொடைத் திருவிழாவில் கொட்டகை போட்டு எடுத்த படம் அது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பின்னால் திரைச்சீலையில் இரண்டு தூண்களும் நடுவில் ஒரு குளமும் வரைந்திருந்தார்கள். கிழிந்த மூலையோடு இடது தூணின் தலை போய்விட்டது. வலது தூணின் தலையை வெட்டி, இடதுபக்கம் என்பதால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி ஒட்டினேன். ஏதோ உறுத்தியது. திரை வரைந்தவர் இரண்டு தூணுக்கும் வலப்பக்கமே நிழல் போட்டிருக்கிறார், நான் திருப்பியதில் நிழல் இடப்பக்கம் போய்விட்டது. திருப்பாமல் ஒட்டினேன், உட்கார்ந்தது. விளிம்பைக் கரைத்து, அந்தப் பக்கத்து மங்கலுக்குத் தக்கபடி இருட்டாக்கி, பழைய படத்தின் பொடிப் புள்ளிகளையும் தூவினேன். யார் பார்த்தாலும் கிழிசல் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தோடு மடிப்புக்கு வந்தேன். படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, தோள்பட்டையில் தொடங்கி நெஞ்சு வரை வெள்ளைக் கோட்டைப் பின்தொடர்ந்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து எடுத்து மூடினேன். கழுத்தடியில் கோடு இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் அழித்தேன். புதன்கிழமை காலையில் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு ஃபிரேமும் மாட்டியாயிற்று. மடிப்பு இருந்த இடமே தெரியவில்லைதான்.

அந்தப் பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர், அறுபதைத் தாண்டியிருக்கும். மகள் படத்தைப் பார்த்ததும் “அம்மா!” என்று அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, பெருமையும் தாங்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தாயி, எம் பொண்டாட்டி கழுத்து ஏன் வெறுங்கழுத்தா இருக்கு?”

எனக்குப் புரியவில்லை.

“நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்?” என்றார்.

சுர்ரென்று கோபம் வந்தது எனக்கு. கிழிந்து நைந்ததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குறை வேறா என்று நினைத்தேன். “ஐயா, படத்துல என்ன இருந்துச்சோ அதத்தான் பண்ணியிருக்கேன்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, நிரூபிக்கிறேன் பார் என்று பழைய ஸ்கேனைத் திறந்தேன். கழுத்தடியில் பிரிந்த இரண்டாவது கோடு திரையில் இருந்தது. வெளுத்த மஞ்சள். மடிப்பை விட்டு விலகிய இடத்தில் வெடிப்பும் கிழிசலும் இல்லாமல், ஒரே சீராக முறுக்கிய கயிறு. தாலிக்கயிறு. மடிப்பு அதன் மேலேயே சாய்ந்து ஓடியிருந்ததால் இரண்டையும் ஒரே கோடாக நினைத்து வழித்தெடுத்திருக்கிறேன். சுமங்கலியாகக் கும்பிட வேண்டியவளின் தாலியை நானே கழற்றியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன், அன்றைக்கு என் கையாலேயே செய்து பார்த்தேன். வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“தப்பு என்னோடதுய்யா. மன்னிச்சிருங்க. இப்பவே சரி பண்ணித் தர்றேன். நீங்க பக்கத்துல இருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பழைய ஸ்கேனை அடியிலும் நான் சுத்தப்படுத்திய படத்தை மேலேயும் வைத்து, கயிறு ஓடும் தடத்தில் மட்டும் மேல் படத்தை மறைத்தேன். அடியிலிருந்து மஞ்சள் கோடு விரல் விரலாக எழும்பி வந்தது, கூடவே மடிப்பு மேலே ஓடிய இடத்து வெள்ளை வெடிப்புகளும் வந்தன. அந்த வெடிப்புகளை ஒவ்வொரு புள்ளியாக, தோலிலிருந்து எடுக்காமல், கயிற்றின் நல்ல பகுதியிலிருந்தே எடுத்து அடைத்தேன். அவ்வப்போது முழுப் படத்தையும் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டேன். ஓரிடத்தில் நகக்கண் அளவுக்குக் கயிறே மிஞ்சவில்லை.

“இங்கன நேராப் போகுமாய்யா?”

“இல்ல தாயி. அந்தக் கழுத்தெலும்புல ஏறி லேசா வளையும். இடப்பக்கம் தெரியாது, முந்தான மறச்சிரும்.” அவர் விரல் திரையைத் தொடாமல் காற்றிலேயே அந்த வளைவைப் போட்டது. “அன்னைக்குக் காலைலதான் கயித்துக்கு மஞ்சத் தடவுனா. சாமி கும்பிட்டு வெளிய வரவும், போட்டோ எடுப்பமான்னு அவதான் கேட்டா.”

அவர் விரல் போன வழியிலேயே என் கையும் போனது.

வேலை நடக்கும்போது மகள் கேட்டாள், “ஏம்ப்பா, இருந்த ஒரே படத்த இப்பிடி யாரு மடிச்சது?”

“நாந்தான்” என்றார் அவர். “சொவத்துல பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. அவ போனப்பெறகு பிரிச்சு எடுத்தேன், மூலை சொவத்தோடயே நின்னுக்கிருச்சு. சட்டப் பைக்குள்ள வைக்கணும்னு மடிச்சேன். தம்பி பள்ளிக்கூடம் போற வரைக்கும் பையிலதான் இருந்துச்சு.”

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தது இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாது.

புதிய பிரிண்ட் வந்ததும் அவர் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இப்பத்தான் எம் பொண்டாட்டி” என்றார்.

மகள் ஃபிரேமைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். அவர் மட்டும் வாசலில் நின்று, சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“தாயி, இதுக்குள்ள அடங்குற மாதிரி சின்னதா ஒண்ணு போட்டுத் தாரீகளா? இனிமே மடிக்க மாட்டேன்.”